கோணல் தோட்டத்தில் மண் எடுக்க வேண்டிய இடங்கள்

ஒரே தோட்டத்தின் மண்ணை ஒரே ஆய்வுக்கூடத்தில் கொடுத்து, வந்த பரிந்துரையின்படியே உரமிட்ட பிறகும், ஒரு மூலையில் மக்காச்சோளம் கரும்பச்சையாகச் செழித்து நிற்க, மறு மூலையில் இலைகள் ஊதா பூத்து மணிச்சத்துப் பற்றாக்குறையைக் காட்டுவது பல உழவர்கள் கண்டிருக்கும் புதிர். ஆய்வுக்கூடம் தவறிழைத்துவிட்டது என்று எண்ணத் தோன்றும். ஆனால் பெரும்பாலும் அங்கே கொடுக்கப்பட்ட எண் சரியானதாகவே இருக்கும். தோட்டத்தின் கால் பகுதி பழைய மாட்டுத்தொழுவமும் எருக்குழியும் இருந்த இடம் என்றும், அங்கே எக்டருக்கு 38 கிலோ மணிச்சத்து கிடைக்கிறது என்றும், மீதி முக்கால் பகுதியில் 9 கிலோதான் கிடைக்கிறது என்றும் வைத்துக்கொண்டால், எல்லா இடத்து மண்ணையும் கலந்து கொடுக்கும்போது வரும் விடை ஏறத்தாழ 16 கிலோவாக இருக்கும். தமிழ்நாட்டு மண் ஆய்வில் 11 கிலோவுக்குக் கீழே குறைவு, 11 முதல் 22 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம் என்று வகைப்படுத்துவதால், 16 என்பது நடுத்தரம் என்று முடிவு அட்டையில் அச்சாகிவரும். அந்தத் தோட்டத்தில் நடுத்தரமான மண் ஒரு சாண் இடத்திலும் இல்லை என்பதை அந்த அட்டை சொல்லாது. செழிப்பான கால் பகுதிக்குத் தேவையற்ற உரமும், வறண்ட முக்கால் பகுதிக்குப் போதாத உரமும் போய்ச் சேரும்.

பிழை எங்கே நிகழ்கிறது என்பதை அளவுகள் தெளிவாக்குகின்றன. ஒரு எக்டர் நிலத்தின் மேல் 15 சென்டிமீட்டர் மண் ஏறக்குறைய 2,250 டன் எடையுள்ளது; மணிச்சத்தைக் கண்டறிய ஆய்வுக்கூடத்தில் நிறுத்துக்கொள்ளும் மண்ணோ சில கிராம்தான். அந்தச் சில கிராமைச் சோதிப்பதில் நேரும் பிழையைவிட, எந்தச் சில கிராம் அங்கே போய்ச் சேர்ந்தது என்பதில் நேரும் பிழை மிகப் பெரியது. ஆகவே கேள்வி வேதியியலிலிருந்து நிலவரைவுக்கு மாறுகிறது: எத்தனை இடங்களில், எவ்வளவு தொலைவு விட்டு, எந்த இடங்களில் மண் எடுக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்குக் கட்டம் போட்டு விடை தேடும் வழக்கம் செயற்கைக்கோள் காலத்துக்கு மிகவும் முந்தியது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லின்ஸ்லி, பாவர் என்ற இருவர் 1929ஆம் ஆண்டிலேயே வெளியிட்ட சுற்றறிக்கை ஒன்று, வயலை ஒழுங்கான இடைவெளிகளில் சோதித்து, அமிலத்தன்மையை வரைபடமாக்கி, தேவையான இடத்துக்கு மட்டும் சுண்ணாம்பு இட உழவர்களைத் தூண்டியது. இன்று அமெரிக்க மக்காச்சோள வட்டாரங்களில் 2.5 ஏக்கருக்கு ஒரு மாதிரி என்பது பரவலான வழக்கம். இந்தியாவில் 2015இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம், பாசன நிலத்தில் 2.5 எக்டருக்கு ஒன்று, மானாவாரியில் 10 எக்டருக்கு ஒன்று என்று கட்டம் வகுத்தது. எண் ஒன்றாக இருந்தாலும் அலகு வேறு என்பதால் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது: 2.5 ஏக்கர் என்பது ஏறத்தாழ ஒரு எக்டர், 2.5 எக்டர் என்பது ஆறு ஏக்கருக்கும் சற்று மேல். நாடு முழுவதையும் அளக்கும் திட்டத்துக்கு அந்தக் கட்டம் பொருந்தலாம். 15 ஏக்கர் தோட்டம் ஒன்றுக்குள் இருக்கும் வேறுபாட்டைக் காட்ட அது போதாது, ஏனெனில் அந்தக் கணக்கில் அதற்குக் கிடைப்பது இரண்டு அல்லது மூன்று மாதிரிகளே.

கட்டத்தை மீன்பிடி வலையாக எண்ணிப் பார்க்கலாம். வலைக்கண்ணைவிடச் சிறிய மீன் நழுவிவிடுவதைப் போல, கட்டத்தின் இடைவெளியைவிடச் சிறிய மண் திட்டு இரண்டு புள்ளிகளுக்கு இடையில் ஒளிந்துகொள்ளும். புள்ளி தற்செயலாக அதன்மேல் விழுந்தாலோ அந்தத் திட்டு உண்மையில் இருப்பதைவிடப் பெரியதாக வரைபடத்தில் தெரியும். எனவே இடைவெளியைத் தீர்மானிக்க வேண்டியது மண்ணின் இயல்பே. அருகருகே உள்ள இரண்டு இடங்களின் மண் ஒத்திருக்கும். தொலைவு கூடக்கூட ஒப்புமை குறையும். ஒரு தொலைவுக்கு அப்பால், ஒரு புள்ளியின் அளவை அறிவதால் மற்றதைப் பற்றி எதுவும் தெரியாத நிலை வரும். அந்தத் தொலைவை ஒப்புமை எல்லை எனலாம். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் கிரிகேவும், பின்னர் பிரான்சில் மாதெரோனும் வளர்த்தெடுத்த இடவாரிப் புள்ளியியலின் அடிப்படைக் கருத்து இது. கட்டத்தின் இடைவெளி ஒப்புமை எல்லையில் பாதிக்குள் இருந்தால்தான் புள்ளிகளுக்கு நடுவே கோடு வரைந்து இட்டுநிரப்புவதற்குப் பொருள் உண்டு என்பது நடைமுறை விதி. சிக்கல் என்னவென்றால், ஒப்புமை எல்லை மண் எடுத்துப் பார்த்த பிறகே தெரியும். எத்தனை மாதிரிக்குப் பணம் இருக்கிறது என்பதோ முன்கூட்டியே தெரியும். ஆகையால் பணத்துக்கு ஏற்ற இடைவெளியில் கட்டத்தை அமைத்து, அந்த இடைவெளி போதுமா என்பதை அதே மாதிரிகளே சோதித்துச் சொல்லும்படி திட்டமிடுவதே சிறந்த வழி.

உடுமலைப்பேட்டை வட்டாரத்தில் மக்காச்சோளம் விளையும் ஒரு தோட்டத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். பரப்பு 6 எக்டர், அதாவது சுமார் 15 ஏக்கர். கிழக்கே வாய்க்கால் வளைந்து செல்வதால் அந்த ஓரம் வில்போல் உள்வாங்கியிருக்கிறது. தென்மேற்கில் பாறை ஒன்று துருத்திக்கொண்டு ஒரு துண்டைக் கழித்துவிடுகிறது. சுற்றளவு ஏறக்குறைய 1,200 மீட்டர். மொத்தம் 22 மண் பைகளைச் சோதிக்கப் பணம் உண்டு. அவற்றில் 15 பைகளைக் கட்டத்துக்கும், 7 பைகளைச் சரிபார்ப்புக்கும் ஒதுக்கலாம். கட்டமே தனக்குத் தானே சாட்சி சொல்ல முடியாது என்பதால், சரிபார்ப்புக்கு மூன்றில் ஒரு பங்கு செலவிடுவது வீண்போகாது.

எல்லையை வரைவது முதல் வேலை. கையடக்க ஜிபிஎஸ் கருவியில் தடப்பதிவை இயக்கி வரப்போரமாக ஒரு சுற்று நடந்து வரலாம், அல்லது செயற்கைக்கோள் படத்தின்மேல் கணினியில் கோடு இழுக்கலாம். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்து, கிடைக்கும் பரப்பைப் பட்டாவில் உள்ள பரப்போடு ஒப்பிடுவது பயனுள்ளது. ஐந்து விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால், நடந்த பாதையில் ஏதோ ஒரு மூலை விடுபட்டிருக்கும், அல்லது பாறையும் கிணறும் கணக்கில் சேர்ந்திருக்கும். அடுத்து, எல்லையிலிருந்து 10 மீட்டர் உள்வாங்கி இரண்டாவது கோடு வரைய வேண்டும். வரப்போரம், மடைவாய், மரநிழல், வண்டி திரும்பும் இடம் ஆகியவற்றின் மண் தோட்டத்தின் மண்ணைப் பிரதிநிதித்துவம் செய்யாது. டிராக்டர் திரும்பும் முனைகளில் உரம் இரட்டிப்பாகவும் விழுந்திருக்கலாம். சுற்றளவு 1,200 மீட்டர் என்பதால் இந்த விளிம்பு ஏறக்குறைய 1.2 எக்டரை விழுங்கிவிடும், மிஞ்சுவது 4.8 எக்டர், அதாவது 48,000 சதுர மீட்டர். அதைப் பதினைந்தால் வகுத்தால் ஒரு புள்ளிக்கு 3,200 சதுர மீட்டர் வரும். அத்தகைய சதுரத்தின் பக்கம் 57 மீட்டருக்குச் சற்றே குறைவு. அதுவே கட்டத்தின் இடைவெளி. விளிம்பைக் கழிக்காமல் முழு 6 எக்டரையும் வகுத்திருந்தால் 63 மீட்டர் வந்திருக்கும். அந்த இடைவெளியில் கட்டம் போட்டு, பிறகு விளிம்பில் விழுந்தவற்றை நீக்கினால் பன்னிரண்டு புள்ளிகளே மிஞ்சும்.

சதுரக் கட்டத்தை இந்தக் கோணல் தோட்டத்தின்மேல் அப்படியே பதிக்கும்போது இரண்டு இடர்கள் தோன்றுகின்றன. முதலாவது, எண்ணிக்கை நிலையாக இராது. கட்டத்தைக் கிழக்கே இருபது மீட்டர் நகர்த்தினால் உள்ளே விழும் புள்ளிகள் 15க்குப் பதில் 12 ஆகலாம், 17 ஆகலாம். வாய்க்கால் வளைவை ஒட்டிய துண்டில் ஒரு புள்ளிகூட விழாமல் போகலாம். இரண்டாவது இடர் இன்னும் நுட்பமானது. தோட்டத்தில் மனிதன் செய்த வேலைகளுக்கும் ஒழுங்கான இடைவெளி உண்டு. கிளை வாய்க்கால்கள் 28 மீட்டருக்கு ஒன்றாக ஓடுகின்றன என்று வைத்துக்கொண்டால், 57 மீட்டர் என்பது அதன் இரு மடங்குக்கு மிக அருகில் வருவதால், எல்லாப் புள்ளிகளும் வாய்க்காலின் ஒரே பக்கத்தில், ஒரே அளவு ஈரமும் உப்பும் படிந்த பட்டையிலேயே விழக்கூடும். அப்போது வரும் பதினைந்து எண்களும் ஒன்றோடொன்று அழகாக ஒத்திருக்கும். அந்த ஒற்றுமையே ஏமாற்றும். இதைத் தவிர்க்கவே கட்டத்தை உழவுச்சாலுக்கும் வாய்க்காலுக்கும் சாய்வாகத் திருப்பி வைக்கின்றனர், அல்லது ஒன்றுவிட்ட ஒரு வரிசையை அரை இடைவெளி நகர்த்தி அமைக்கின்றனர்.

கோணல் நிலத்துக்கு இதைவிடப் பொருத்தமான முறை, கட்டத்தை நிலத்தின்மேல் திணிக்காமல், நிலத்தையே பதினைந்து கச்சிதமான துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு புள்ளி வைப்பது. நெதர்லாந்தைச் சேர்ந்த வால்வூர்ட், பிரஸ், டி க்ரைட்டர் ஆகியோர் 2010இல் இதற்கான மென்பொருளை வெளியிட்டனர்; இலவசமாகக் கிடைக்கும் QGIS நிரலிலும் இதைச் செய்துகொள்ளலாம். உள்வாங்கிய எல்லைக்குள் 2 மீட்டருக்கு ஒன்றாக ஆயிரக்கணக்கான நுண்புள்ளிகளை நிரப்பி, அவற்றைப் பதினைந்து குழுக்களாகப் பிரிக்கும்படி K-means clustering என்ற கருவிக்குக் கட்டளையிட வேண்டும். அது எங்கோ பதினைந்து மையங்களை வைத்து, ஒவ்வொரு நுண்புள்ளியையும் அதற்கு மிக அருகிலுள்ள மையத்தோடு சேர்த்து, பிறகு ஒவ்வொரு குழுவின் நடுவுக்கும் அதன் மையத்தை நகர்த்தி, நகர்வு நிற்கும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்கிறது. முடிவில் மையங்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிலம் முழுவதும் ஏறக்குறைய சமமாகப் பரவி நிற்கும். வாய்க்கால் வளைவுத் துண்டுக்கும் ஒன்று கிடைக்கும். சதுர ஒழுங்கு கலைந்துவிடுவதால் வாய்க்கால் இடைவெளியோடு பொருந்திப்போகும் ஆபத்தும் குறையும். ஒரு சிறு எச்சரிக்கை தேவை: உள்வாங்கிய வளைவைச் சுற்றி மடங்கிய துண்டு ஒன்றின் நடு, அந்தத் துண்டுக்கு வெளியே, வாய்க்காலுக்குள்ளேயே விழுந்துவிட முடியும். ஆதலால் பதினைந்தையும் கண்ணால் பார்த்து உறுதிசெய்த பிறகே மேலே செல்ல வேண்டும்.

பதினைந்து புள்ளிகளில் ஐந்தைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, ஒவ்வொன்றிலிருந்தும் 12 மீட்டர் தள்ளி ஒரு துணைப்புள்ளி வைக்கப்படுகிறது. இவை சேர்ந்து 20 பைகள். மீதி இரண்டு பைகள், ஏற்கெனவே நிரப்பிய இரண்டு பைகளின் மண்ணை நன்கு கலந்து இரண்டாகப் பிரித்து, வேறு பெயரிட்டு அனுப்புபவை. இவற்றின் பயன் பின்னர் விளங்கும்.

புள்ளிகளுக்குப் பெயரிடுவதில்கூடக் கவனம் வேண்டும். நடக்கும் வரிசைப்படி, ஏர் திரும்புவதுபோல் ஒரு வரிசையில் போய் அடுத்ததில் திரும்பி வருமாறு எண்ணிட்டால் நடை குறையும். M1, M2 என்று பெயரிட்டால் பல கருவிகள் M1க்கு அடுத்து M10ஐ வரிசைப்படுத்தும். M01, M02 என்று தொடக்கத்தில் சுழியம் சேர்த்தால் இந்தக் குழப்பம் நீங்கும். துணைப்புள்ளிகளுக்கு M04B என்பதுபோன்ற பெயர் போதும். கருவிக்குள் ஏற்றப்படும் ஒவ்வொரு இடமும் வழிப்புள்ளி எனப்படும். அவற்றைச் சுமந்து செல்லும் கோப்பு .gpx என்ற வடிவில் இருக்கும். QGIS எழுதித்தரும் கோப்பைத் திறந்து பார்த்தால் அதன் உள்ளடக்கம் இவ்வளவு எளிமையாக இருப்பதைக் காணலாம்:

```xml
<gpx version="1.1" creator="QGIS"
     xmlns="http://www.topografix.com/GPX/1/1">
  <wpt lat="10.585000" lon="77.251200">
    <name>M01</name>
  </wpt>
</gpx>
```

இதில் lat என்பது அட்சரேகை, lon என்பது தீர்க்கரேகை. இரண்டும் பாகையின் பதின்ம வடிவில், WGS 84 என்ற புவியளவைச் சட்டகத்தில் இருக்க வேண்டும். தூரங்களைக் கணக்கிட மீட்டர் அளவிலான யூடிஎம் ஆயங்கள் வசதியானவை. ஆனால் தமிழ்நாட்டை 78ஆம் பாகைத் தீர்க்கரேகை இரண்டாகப் பிரிப்பதால், உடுமலையும் கோவையும் 43ஆம் மண்டலத்திலும் மதுரையும் திருச்சியும் 44ஆம் மண்டலத்திலும் அடங்கும் என்பதை மறந்து தவறான மண்டலத்தைத் தேர்ந்தெடுத்தால் வரைபடம் முழுவதும் இடம்பெயர்ந்துவிடும். கருவியை யூஎஸ்பி கம்பியால் இணைத்தால் அது ஒரு பென்டிரைவைப்போல் கணினியில் தெரியும். கார்மின் வகைக் கருவிகளில் Garmin என்ற கோப்புறைக்குள் உள்ள GPX கோப்புறையில் இந்தக் கோப்பை நகலெடுத்து வைத்தால் போதுமானது.

இந்த நிலையில் நேரும் பிழைகளில் பெரியவை தீங்கற்றவை, சிறியவையே ஆபத்தானவை. அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இடம் மாற்றிக் கொடுத்துவிட்டால், புள்ளிகள் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே ஆர்க்டிக் கடலில் போய் விழும். அதைக் கண்டுபிடிக்க ஒரு நொடி போதும். 10 பாகை 35.100 கலை என்பதை 10.35100 பாகை என்று தட்டச்சு செய்தால் புள்ளி 26 கிலோமீட்டர் தெற்கே ஆனைமலைத் தொடரின் காட்டுப்பகுதிக்குப் போய்விடும்; அதுவும் உடனே தெரிந்துவிடும். ஆனால் 10 பாகை 35 கலை 06 விகலை என்ற இடத்தைக் கையால் ஏற்றுபவர், கருவி கலையைப் பதின்மமாகக் கேட்கிறது என்பதைக் கவனியாமல் 35.06 கலை என்று பதித்தால் நிலைமை வேறு. ஆறு விகலை என்பது கலையில் பத்தில் ஒரு பங்கு, ஆகவே சரியான பதிவு 35.10, விடுபட்ட 0.04 கலை, தரையில் 74 மீட்டர். புள்ளி பெரும்பாலும் தோட்டத்துக்குள்ளேயே இருக்கும், ஆனால் கட்டத்தின் ஒரு இடைவெளியைத் தாண்டி அடுத்த துண்டில் இருக்கும். யாருக்கும் ஐயம் எழாது. பழைய நில அளவை வரைபடங்களில் பயன்பட்ட எவரெஸ்ட் சட்டகத்தில் கருவி அமைக்கப்பட்டிருந்தாலும் இதேபோல் நூறு மீட்டருக்கு மேற்பட்ட நகர்வு நேரும். எனவே கருவியின் அமைப்புப் பக்கத்தில் Position Format என்பதில் பதின்மப் பாகையும், Map Datum என்பதில் WGS 84ம் இருப்பதை உறுதிசெய்து, கிணற்று மேடையின் மூலை போன்ற படத்தில் தெளிவாகத் தெரியும் ஓரிடத்தையும் வழிப்புள்ளியாக ஏற்றி, முதலில் அங்கே போய் நின்று பார்க்க வேண்டும். கருவி காட்டும் தொலைவு ஐந்தாறு மீட்டருக்குள் இருந்தால் மற்றவற்றையும் நம்பலாம்.

அந்த ஐந்தாறு மீட்டர் கருவியின் இயல்பான பிழை. 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் குறிகையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை நீக்கும்வரை, இந்த வழு நூறு மீட்டரைத் தொடக்கூடியதாக இருந்தது. அந்நாளில் சாதாரணக் கையடக்கக் கருவியை மட்டும் நம்பி 57 மீட்டர் கட்டத்தில் மண் எடுப்பது பொருளற்றதாக இருந்திருக்கும். இன்று திறந்த வானத்தின் கீழ் 3 முதல் 5 மீட்டருக்குள் நிற்கிறது. தென்னந்தோப்பின் நிழலில் இன்னும் கூடும். புள்ளியை நெருங்கும்போது கருவி 4 மீட்டர், 2 மீட்டர், மீண்டும் 5 மீட்டர் என்று அலைவதைக் கண்டு, சுழியத்தைத் தேடி வட்டமிடுவது பயனற்ற உழைப்பு. முதல்முறை 5 மீட்டருக்குக் கீழே காட்டும் இடத்தில் நின்றுவிடுவதே நல்ல விதி, ஏனெனில் தேடித் திரிபவரின் கால்கள் அவரையறியாமல் பயிர் நன்றாக இருக்கும் இடத்தையும் நடக்க எளிதான இடத்தையும் நாடும். புள்ளியில் எறும்புப் புற்றோ எரு கொட்டிய குவியலோ இருந்தால், நேர் வடக்கே 10 மீட்டர் நகர்வது என்பதுபோல் முன்பே தீர்மானித்த விதிப்படி நகர்ந்து, உண்மையில் மண் எடுத்த இடத்தைப் புதிய வழிப்புள்ளியாகப் பதிந்துகொள்ள வேண்டும்.

கருவிப் பிழையையும் மண் எடுக்கும் முறையையும் இணைக்கும் இடம் இதுதான். நின்ற இடத்தைச் சுற்றி 3 மீட்டர் ஆரத்துக்குள் எட்டு இடங்களில், மேலே கிடக்கும் சருகை மட்டும் ஒதுக்கிவிட்டு, 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண் எடுத்து, பிளாஸ்டிக் வாளியில் கலக்க வேண்டும். மண்வெட்டியால் எடுப்பதானால் 'வி' வடிவில் குழி வெட்டி மண்ணை அகற்றி, குழியின் பக்கச் சுவரை மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் சீவ வேண்டும். மேல்மண் மட்டும் அதிகம் விழுந்தால் மணிச்சத்து உயர்ந்து காட்டும். துத்தநாகமும் சோதிக்கப்படுமானால் தகர வாளி ஆகாது. எட்டு இடத்து மண் கலப்பதால் கைப்பிடி அளவிலான திட்டுகளின் வேறுபாடு அடங்குகிறது. ஆரம் 3 மீட்டர் என்பதால், மூன்று ஆண்டுகள் கழித்துத் திரும்பிவரும்போது கருவி நான்கு மீட்டர் தவறினாலும் புதிய வட்டம் பழைய வட்டத்தின்மேல் ஓரளவு படியும். கலந்த மண்ணைப் பரப்பி நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பகுதிகளை நீக்கிக்கொண்டே வந்து அரைக் கிலோவாக்கிப் பையிலிட்டு, வழிப்புள்ளியின் பெயரையே பையின்மேலும் உள்ளே போடும் சீட்டிலும் எழுத வேண்டும்.

முடிவுகள் வந்ததும் வரைபடம் வரைய அவசரப்படாமல் சரிபார்ப்புப் பைகளை முதலில் பார்க்க வேண்டும். ஒரே மண்ணைப் பிரித்து அனுப்பிய இரண்டு இணைகள் எக்டருக்கு 1 கிலோ அளவில் மட்டும் வேறுபடுகின்றன எனில், ஆய்வுக்கூடத்தின் சொந்தத் தடுமாற்றம் அவ்வளவே. அடுத்து, 12 மீட்டர் இடைவெளியில் எடுத்த ஐந்து இணைகளின் வேறுபாடுகளையும், 57 மீட்டர் அளவில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு இடையிலான வேறுபாடுகளையும் தனித்தனியே சராசரி காண வேண்டும். அருகிலுள்ளவை சராசரியாக 3 கிலோவும், தொலைவிலுள்ளவை 8 கிலோவும் வேறுபட்டால், மண் 12 மீட்டரில் ஒத்திருந்து, தொலைவு கூடும்போது படிப்படியாக மாறுகிறது என்று பொருள். தொழுவம் இருந்த மூலையைச் சுற்றிக் கோடு வரைந்து, அங்கே மணிச்சத்தை நிறுத்திவிட்டு, மற்ற இடங்களுக்குக் குறைவு வகைக்கான அளவை இட அது ஓரளவு ஆதாரம் தருகிறது. ஐந்து இணைகள் குறைவுதான் என்பதால் கோட்டின் இருபுறமும் இருபது முப்பது மீட்டர் ஐயத்துக்கு உரியதாகவே இருக்கும். மாறாக, 12 மீட்டர் இணைகளும் 8 கிலோ வேறுபட்டால், ஒப்புமை எல்லை கட்டத்தின் இடைவெளியைவிட மிகவும் குறுகியது. கணினி அப்போதும் வண்ணப் பட்டைகளோடு ஒரு வரைபடத்தைத் தந்துவிடும், ஆனால் அதில் புள்ளிகளுக்கு இடையே உள்ள நிறத்துக்கு மண்ணில் ஆதாரம் இல்லை. அத்தகைய தோட்டத்தில் பதினைந்து எண்களின் சராசரியையும், அவை எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதையும் மட்டும் எடுத்துக்கொண்டு உரம் இடுவதும், அடுத்த சுற்றில் செழித்த பயிரும் வாடிய பயிரும் காட்டும் எல்லைகளை வைத்து நிலத்தை இரண்டு மூன்று பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் தனித்தனியே மாதிரி எடுப்பதும் அதே செலவில் கூடுதல் பலன் தரும்.